உள்ளே விட்ட துணி

முதல் தடவை பிடித்தது பக்கத்துக்கு அரை அங்குலம். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த கணவர் மதியம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் கொடியிலிருந்து அவருடைய நீலச் சட்டையை எடுத்தாள். பக்கத் தையலைப் பிரித்து உள்ளே தள்ளித் தையல் ஓட்டினாள். பத்து நிமிட வேலை. தேய்த்து மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை அவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள்வரை சட்டைக்குள் கையை விட்டு ஆட்டி, "டெய்லரம்மா, உள்ள இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கு. வாடகைக்கு விட்டுடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

மிச்சத் துணியை அவள் வெட்டவில்லை. மடித்து உள்ளேயே விட்டுவைத்தாள். வளரும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் அப்படித்தான் விடுவாள். தேவைப்படும்போது பிரித்துக்கொள்ளலாம்.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. ஒரு மிஷின், வெட்டுவதற்கு ஒரு மேசை, தைத்த துணி தொங்க ஒரு கம்பி. அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். இருபத்தாறு வருஷம் தெருத் தெருவாக நடந்து எண்களைப் படித்தவர். எண் சொன்னால்தான் எதையும் நம்புவார். காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி என்பார். தூரம் என்றால் எத்தனை காலடி என்பார். அப்படிப்பட்டவருக்கு இருமல் வந்து, இருமல் போகாமல், நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது முதலில் கேட்டதும் எண்தான். எத்தனை சென்டிமீட்டர்?

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து, மொத்தம் ஆறு தடவை என்று டாக்டர் சொன்னார். இரண்டாவது தடவை எடையைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். எடை இப்படியே இறங்கினால் உடம்பு மருந்தைத் தாங்காது, நிறுத்திவைக்க வேண்டிவரும். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு ஒரு சண்டையாகிவிட்டது.

அவருக்கு எல்லாம் இரும்பாக ருசித்தது. கறியை வாயில் வைத்தால் சாவியைச் சப்புவதுபோல இருக்கிறது என்றார். அடுப்பில் வெங்காயம் வதங்கினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவளோ தட்டை நிரப்பி எதிரே உட்கார்ந்தாள். இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய். நாலு வாயில் வயிறு அடைத்துக்கொண்டது என்று அவர் சொன்னால் அவளுக்குப் பொய்யாகவே பட்டது. நான்கு வாயில் யாருக்கு வயிறு நிறையும்?

நாத்தனாரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு மூத்தவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். தினமும் ஒரு சாப்பாட்டுத் தூக்கோடு வந்து தம்பியின் முன்னால் மலை மாதிரி உட்காருவார். "மனசு வச்சா இறங்காதாடா? உனக்குப் பிழைக்கணும்கிற எண்ணம் இருக்கா இல்லையா?" என்பார். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெல்லுவார். மென்றதை விழுங்க இன்னொரு யுகம் ஆகும்.

காலையில் எழுந்ததும் அவர் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, வீட்டு வாசலில் நின்று ரீடிங் சொல்லும் அதே குரலில் எண்ணைச் சொல்வார். அறுபத்தெட்டில் ஆரம்பித்தது. அறுபத்திநாலு ஐந்நூறு. அறுபத்திரண்டு இருநூறு. "மீட்டர் பின்னாடி ஓடுது டெய்லரம்மா. ஆபீஸ்ல சொன்னா நம்பமாட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பார். பிறகு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவள் ஒரு நாள் அந்தக் கருவியைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் தூக்கி வைத்துவிட்டாள். ஸ்பிரிங் போய்விட்டது, கண்டபடி காட்டுகிறது என்றாள். அடுத்ததாகத்தான் சட்டைகள். எண்ணும் தெரியக் கூடாது, தொளதொளப்பும் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு விட்டுவிடுவார். மனசு விட்டால் சாப்பிடமாட்டார். அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு சட்டையின் தோளில் கைவைக்க வேண்டியிருந்தது. பக்கத்தைப் பிடிப்பது எவருக்கும் வரும். தோள் அப்படியில்லை. கையைக் கழற்றி, தோளைக் குறுக்கி, அக்குள் சுருங்காமல் மறுபடி ஏற்ற வேண்டும். ஆறு சட்டைகள். எல்லாவற்றிலும் உள்ளே துணி விட்டாள். ஆறாவது சட்டையின் பையில் ஏதோ கனத்தது. கைவிட்டு எடுத்தாள். கைக்குட்டையில் சுற்றிய அவித்த முட்டை. முந்தின நாள் காலையில், அவள் பால் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் அவர் சாப்பிட்டு முடித்த முட்டை.

அவள் அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் புதைத்தாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் இரண்டு முட்டை வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயங்களைப் பார்க்க ஒரு பெண் இருந்தாள். உணவு ஆலோசகர். எல்லாரும் டயட் மேடம் என்பார்கள். ஆஸ்பத்திரி தூரம் என்பதால், மருந்துக்கும் மருந்துக்கும் நடுவில் செவ்வாய்க்கிழமைதோறும் போனில் கூப்பிட்டு விசாரிப்பாள். முன்பு சாப்பிட்டதில் எவ்வளவு சாப்பிடுகிறார், வாந்தி உண்டா, வாயில் புண் உண்டா. வீட்டில் எடை பார்க்க முடியவில்லை என்று தெரிந்ததும் வேறொன்று கேட்டாள். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சட்டை எல்லாம் எப்படி இருக்கு சார்? முன்னைவிடத் தளர்ந்திருக்கா?"

முன்னறையில் மிஷின் நின்றது. அவர் குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டார்.

"இல்லம்மா. கச்சிதமா இருக்கு."

"நல்லது சார். அப்ப ரொம்ப இறங்கல. இப்படியே தொடருங்க."

மூன்று செவ்வாய்க்கிழமைகள் அந்தக் கேள்வி வந்தது. மூன்று தடவையும் அதே பதில். ஒவ்வொரு தடவையும் அவள் மிஷினை நிறுத்தினாள், ஒவ்வொரு தடவையும் மறுபடி மிதித்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

நான்காவது மருந்துக்குப் போனபோது ஆஸ்பத்திரி எடைக் கருவி ஐம்பத்தைந்து காட்டியது. மூன்று வாரத்தில் ஐந்து கிலோ. நர்ஸ் அவரை இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். மறுபடியும் ஐம்பத்தைந்து. டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைப் புரட்டினார். அவரை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். அவர் இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை மேசையைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு மருந்து வேண்டாம், இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர். மருந்தின் அளவே எடையை வைத்துத்தான், இனி அதையும் குறைக்க வேண்டியிருக்கும்.

டயட் மேடத்தின் அறை மிகச் சிறியது. மேசையில் ஒரு தராசு, அளவுக் கரண்டிகள், காலிப் பால்மாவு டப்பாக்கள். அவள் தன் குறிப்புகளைப் பார்த்து முகம் சுளித்தாள். சட்டை தளரவில்லை என்று மூன்று வாரமும் எழுதியிருந்தாள். எழுந்து வந்து அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றிப்பொட்டு குழிந்திருந்தது. கழுத்தடியில் காறை எலும்பு துருத்தியிருந்தது. சட்டை மட்டும் கடையில் புதிதாக வாங்கியதுபோல உட்கார்ந்திருந்தது.

"புதுச் சட்டையா சார்?"

"நாலு வருஷம் ஆச்சும்மா."

அவர் கழிப்பறைக்குப் போகும்வரை மனைவி காத்திருந்தாள். பிறகு சொன்னாள். சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. அளவுக் கரண்டிகளைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் பிடிச்சேன். ஆறு சட்டையும்."

டயட் மேடம் குறிப்புகளை மூடி வைத்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா சில விஷயங்களை அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம்மா. அதனால எல்லாம் சரியாயிருக்கும்னு நான் சொல்லல. அப்படிச் சொன்னா பொய்."

"நான் போடாத சாப்பாடு இல்ல. ஊட்டிக்கூட விட்டேன்."

"இது பட்டினி இல்லம்மா. பட்டினி கிடந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டா உடம்பு திரும்ப வந்துடும். இங்க நோயே உடம்புக்குள்ள ஒரு நெருப்பைப் போட்டிருக்கு. சதையை எடுத்து எரிக்குது. பசியையும் அதுதான் அணைக்குது. நாலு வாயில வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு அவர் சொன்னா அது நிஜம். உங்க சமையல் தோத்துப்போகல. அவர் பிடிவாதமும் பிடிக்கல."

அவள் அப்போதுதான் அழுதாள். அவர் திரும்பி வரும் காலடி கேட்டதும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எடைக் கருவி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இறங்கியது. ஸ்பிரிங் சரியாகிவிட்டது என்றாள். தானாகவேவா என்றார். தானாகவே என்றாள். தினமும் ஏற வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்று டயட் மேடம் சொல்லியிருந்தாள். அவர் திங்களையும் வெள்ளியையும் தேர்ந்தெடுத்தார்.

பெரிய தட்டு அலமாரிக்குப் போனது. அதன் இடத்தில் காபிக்கு அடியில் வைக்கும் சின்னத் தட்டு வந்தது. அதில் பாதிதான் நிரப்புவாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பசி என்று அவர் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து வைத்தாள், அரை மணி கழித்து மிச்சத்தைப் பேச்சில்லாமல் எடுத்தாள். இந்தப் பேச்சில்லாமல் எடுப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கறியை விட்டாள். முட்டை, தயிர், பாலாடைக்கட்டி, வேர்க்கடலை அரைத்த விழுது. ஆறவைத்துக் கொடுத்தாள். ஆறினால் வாசனை எழாது. வெங்காயம் வதக்குவதை அவர் வாசலில் நடக்கும் நேரத்துக்கு ஒதுக்கினாள். எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டி. சாப்பிடும் முன் உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னாள். இரும்பு ருசி போய்விடவில்லை, துருப்பிடிக்காத இரும்பாக மாறியிருக்கிறது என்றார். குமட்டலுக்கான மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டிருந்தார்கள் இத்தனை நாள். அதை அரை மணி முன்னால் மாற்றினாள். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் அதிலேயே வயிறு நிறைந்துவிடும் என்பதால் தண்ணீரை நடுவில் கொடுத்தாள். ஒரு தம்ளர் பாலில் நான்கு கரண்டி பால்மாவு. ரொட்டி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெண்ணெய். சின்ன வாய்தான், ஆனால் வாய் ஒவ்வொன்றும் கனமாக இருக்க வேண்டும். காலையில்தான் அவருக்குக் கொஞ்சம் இறங்கியது. அதனால் மதியத்துக்கு உரியதையும் காலைக்கு இழுத்தாள். டாக்டர் பசிக்கென்று ஒரு மாத்திரை எழுதியிருந்தார். கொஞ்ச நாளைக்குத்தான் கேட்கும் என்றும் சொல்லியிருந்தார்.

வாசலிலிருந்து தெருமுனை மின்கம்பம்வரை ஒரு நடை. வந்ததும் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். சாப்பிட்டது சதையாக ஒட்ட வேண்டுமானால் சதைக்கு வேலை கொடுக்க வேண்டுமாம். மின்கம்பம்வரை நூற்றுப் பதினெட்டுக் காலடி என்று அவர் எண்ணி வைத்திருந்தார்.

நாத்தனாரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. தூக்கோடு வந்தவர் சின்னத் தட்டைப் பார்த்துவிட்டு, இதென்ன குருவிக்கு வைக்கிறாளா என்று தம்பியிடமே கேட்டார். தம்பி சொன்னார்: "ஆமாக்கா. குருவிதான் நாள் முழுக்கத் தின்னுக்கிட்டே இருக்கும்." நாத்தனார் சிரித்துவிட்டார். மறுநாளும் தூக்கோடுதான் வந்தார். ஆனால் அதில் தயிர் மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐம்பத்தைந்து. திங்கட்கிழமை ஐம்பத்தைந்து. அடுத்த வெள்ளிக்கிழமை ஐம்பத்தைந்து அறுநூறு. கால் வீங்கியிருக்கிறதா என்று அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். நீர் கோத்தாலும் எடை ஏறும் என்று டயட் மேடம் எச்சரித்திருந்தாள். விரல் பதியவில்லை. அந்த அறுநூறு கிராமும் அவருடையதுதான். அன்று அவர் இரண்டு தடவை மின்கம்பம்வரை போய்வந்தார்.

நான்காவது மருந்து, அளவு குறைத்து, ஏறியது. ஐந்தாவதற்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் கட்டி கல்லீரலுக்குப் போயிருந்தது.

டாக்டர் மெதுவாகப் பேசினார். இனிமேல் இந்த மருந்து நன்மையைவிடத் தொல்லையைத்தான் தரும். வலியில்லாமல், மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்வோம். அவர் கேட்டார், எத்தனை மாதம் என்று. மாதத்தில் சொல்லலாமா வாரத்தில் சொல்லலாமா என்று தனக்கும் உறுதியில்லை என்றார் டாக்டர். எண் கிடைக்காமல் அவர் திரும்பி வந்தது அன்று ஒருநாள்தான்.

டயட் மேடம் அந்தச் செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டாள். மனைவி போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். இனி கடிகாரம் வேண்டாம், எடை வேண்டாம், கேட்டதைக் கேட்டபோது கொடுங்கள் என்றாள் அவள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வாயை மட்டும் ஈரமாக வைத்திருக்கலாம். அவர் சாப்பிடாததால் போகப்போவதில்லை, போய்க்கொண்டிருப்பதால்தான் சாப்பிடவில்லை. இவள் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவள் திரும்பச் சொன்னாள்.

நாத்தனாரிடம் அதைச் சொல்வதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஒரு மாலை அவர் கரண்டியைத் தம்பியின் உதட்டருகே கொண்டுபோனபோது, இவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அண்ணி. போதும்னு சொல்றார்." நாத்தனாரின் கை கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது. பிறகு கரண்டியைத் தயிர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, தம்பியின் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தார்.

அலுவலகத்திலிருந்து நான்கு பேர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. நீலச் சட்டையைப் போட்டுவிட்டாள். சட்டையின் தோள் முழங்கையை நோக்கி இறங்கியது. கழுத்துப் பட்டைக்குள் இரண்டு கழுத்து போகும்.

"பிடிச்சுக் கொடு. இப்படிப் பார்த்தா ஆபீஸ் பசங்க பயந்துடுவாங்க."

அவள் டேப்பை எடுத்தாள். இவ்வளவு நாளும் அவர் தூங்கும்போது சட்டையைத்தான் அளந்திருந்தாள். ஆளை அளந்ததில்லை. கட்டில் ஓரத்தில் அவரை உட்காரவைத்து, மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள்.

"ரீடிங் சொல்லு."

"முப்பத்தொண்ணு."

"முன்ன?"

"முப்பத்தெட்டு."

அவர் தலையை ஆட்டினார். கணக்கு ஒத்துப்போகிற மாதிரி.

அவள் சட்டையைக் கழற்றி வாங்கி உட்புறத்தைத் திருப்பினாள். மூன்று தடவை பிடித்த மடிப்புகள் விலாவோரம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துக் கிடந்தன. அவருடைய விலாவில் அதே நீளத்துக்கு ஒரு சிவந்த கோடு இருந்தது. தோல் உரிந்திருந்தது.

"இது எப்பலேருந்து?"

"முதல் தடவைலேருந்தே. மடிப்பு குத்தாதா? உன் தையல் வெளிய தெரியாது. உள்ள இருக்கறவனுக்குத் தெரியும்."

அவள் கையில் சட்டையோடு நின்றாள்.

"தெரிஞ்சும் அந்தப் பொண்ணுகிட்ட ஏன் கச்சிதமா இருக்குன்னு சொன்னீங்க? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ முட்டையைப் பத்திச் சொன்னியா?"

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் ஒரு வாய்த் தயிர் கேட்டார். மரக்கரண்டியில் எடுத்துக் கொடுத்தாள். நாக்கில் வைத்துக்கொண்டிருந்து மெதுவாக விழுங்கினார். இன்னொரு கரண்டி எடுக்கக் கை போனது. அவர் போதும் என்றார். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அந்த மடிப்பை வெட்டிடு. குத்துது."

அவள் முன்னறைக்குப் போய் மேசையில் சட்டையை விரித்தாள். சாக்கட்டியால் புதுக் கோடு போட்டு, ஓட்டினாள். பிறகு கத்தரியை எடுத்தாள். தையலுக்கு வெளியே கால் அங்குலம் மட்டும் விட்டு, மேலிருந்து கீழாக ஒரே சீராக வெட்டினாள். நீலத் துணி இரண்டு நீளப் பட்டைகளாகக் காலடியில் விழுந்தது. வெளியே படாமல் மடிந்து கிடந்த துணி. நிறம் மங்காமல் இருந்தது.